58 பக்க ரிப்போர்ட், அதுல டெஸ்டிங் 2 பக்கம்: மினி ப்ராஜெக்ட் சாப்டர்களை எப்படி அடுக்குறது?

பாம்பன்_காத்து · திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ, மூணாவது வருஷம். நாங்க நாலு பேர் சேர்ந்து கருவாடு காயவைக்கிற சோலார் டிரையர் செஞ்சோம். தகரப் பெட்டி, மேல கண்ணாடி, உள்ள கறுப்புப் பெயின்ட் அடிச்ச ஷீட், 10 வாட் பேனல்ல ஓடுற ரெண்டு கம்ப்யூட்டர் ஃபேன், மூணு தட்டு. பிப்ரவரியில எங்க வீட்டு மொட்டை மாடியில ஏழு நாள் நெத்திலி போட்டுப் பார்த்தாச்சு. மிஷின்ல குறை இல்ல, ரிப்போர்ட்லதான்.

58 பக்கம் அடிச்சு கைடு சார்கிட்ட கொடுத்தேன். ரெண்டு நிமிஷம் புரட்டுனார். "இதுல உங்க வேலை எங்கப்பா இருக்கு? ஆர்டரும் சரியில்ல, அளவும் சரியில்ல, மாத்திட்டு வா"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார். எப்படி மாத்தணும்னு கேக்குறதுக்குள்ள அடுத்த பேட்ச் உள்ள வந்துருச்சு. வைவாவுக்கு இன்னும் 12 நாள்.

இப்ப இருக்குற கணக்கு இது:

முன்பக்கங்கள் (சர்டிபிகேட், நன்றி, அப்ஸ்ட்ராக்ட், பொருளடக்கம்) – 9
1. இன்ட்ரொடக்‌ஷன் – 19
2. லிட்டரேச்சர் சர்வே – 6
3. காம்போனன்ட்ஸ் – 12
4. வொர்க்கிங் – 3
5. டெஸ்டிங் – 2
6. நன்மை, தீமை, பயன்பாடு – 3
7. கன்க்ளூஷன் – 1
ரெஃபரன்ஸ், போட்டோ – 3

எதை வெட்ட, எதைக் கூட்ட? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கீழக்கரை_ஜெராக்ஸ் · திங்கள், இரவு 10:05

தம்பி, நான் பதினாலு வருஷமா ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிச்சு பைண்டிங் பண்றேன். 60 பக்கத்துக்குக் கீழ போனா புக் கையில நிக்காது, ஸ்பைரல் போட்ட நோட்டு மாதிரி இருக்கும். உங்களுக்கு ரெண்டு பக்கம்தான் குறையுது. காம்போனன்ட்ஸ்ல ஃபேனைப் பத்தி, பேனலைப் பத்தி நெட்ல நிறைய கிடக்கு, எடுத்துப் போட்டா முடிஞ்சது. ஆர்டரை எல்லாம் யார் பாக்குறா.

ஒண்ணு மட்டும் கவனிங்க. இடது பக்க மார்ஜின் ஒன்றரை இஞ்ச் விடுங்க. ஒரு இஞ்ச் விட்டுட்டு வர்ற பசங்க ரிப்போர்ட்ல வரியோட முதல் எழுத்தெல்லாம் பைண்டிங்குக்குள்ள போயிருது.

---

மண்டபம்_கருவாட்டுக்கடை · திங்கள், இரவு 10:31

தம்பி, இந்த டிரையர் என்ன விலை வரும்? ஒரு தடவைக்கு எத்தனை கிலோ புடிக்கும்? ஐப்பசி, கார்த்திகை மழையில எங்களுக்குப் பாதிச் சரக்கு புழு வச்சுப் போகுது. மணல்ல காயவெச்ச நெத்திலியும் வலையில காயவெச்ச நெத்திலியும் ஒரே விலைக்குப் போகாது. கடிச்சா நறநறன்னு மண்ணு வந்தா ஏவாரி திரும்பிப் பாக்க மாட்டான். உங்க நம்பர் குடுங்க.

---

பாம்பன்_காத்து · திங்கள், இரவு 10:48

அண்ணே, 2 கிலோதான் புடிக்கும். சாமான் செலவு 5,840 ரூபாய் ஆச்சு. நான் கேட்டது ரிப்போர்ட் பத்திண்ணே 😅

---

பழைய_ஒர்க்‌ஷாப் · செவ்வாய், காலை 6:15

காலை வணக்கம் தம்பி. பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பொருளடக்கத்தைப் பார்த்ததுமே உங்கள் கைடு சொன்னது புரிகிறது.

முன்பக்கம், கடைசிப் பக்கங்களை விட்டுவிட்டால் சாப்டர்கள் மட்டும் 46 பக்கம். அதில் 1, 2, 3 சேர்ந்து 37. அந்த 37 பக்கத்தையும் நீங்கள் டிரையரே செய்யாமல் எழுதியிருக்க முடியும். நீங்கள் வெயிலில் நின்று செய்தது 4, 5 சாப்டரில் இருக்கிறது, அது 5 பக்கம். "உங்க வேலை எங்க" என்று அவர் கேட்டது இதைத்தான்.

19 பக்க இன்ட்ரொடக்‌ஷனில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் சூரிய சக்தியின் வரலாறு, சூரிய சக்தியின் வகைகள், கமுதி சோலார் நிலையத்தின் படம், மீனில் உள்ள சத்துகள், இவை எல்லாம் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். கமுதி 648 மெகாவாட், 2016இல் வந்தது, நம்ம மாவட்டத்துக்குப் பெருமைதான். உங்கள் 10 வாட் பேனலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அது கரன்ட் எடுக்கிற நிலையம், நீங்கள் சூட்டை எடுக்கிறீர்கள். தகவல் சரியாகவே இருந்தாலும் உங்கள் ப்ராஜெக்ட்டில் ஒரு முடிவுக்கும் அது உதவவில்லை என்றால் அதற்கு இங்கே இடமில்லை.

இன்ட்ரொடக்‌ஷனுக்கு நாலு பக்கம் போதும். இந்தக் கரையில் நெத்திலியை எப்படிக் காயவைக்கிறார்கள், அதில் என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள், எதைச் செய்யப் போவதில்லை. மேலே கருவாட்டுக்கடைக்காரர் நாலு வரியில் சொன்னாரே, மணல், புழு, மழை, விலை என்று, அதுதான் உங்கள் முதல் பக்கம். அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. ஏழு நாள் டெஸ்ட் எடுத்தேன் என்கிறீர்கள். ரீடிங் எழுதிய நோட்டு இருக்கிறதா? அதில் எத்தனை ரிப்போர்ட்டுக்குள் வந்தது?

---

பாம்பன்_காத்து · செவ்வாய், மதியம் 1:20

சார், கமுதி படம் இருக்கு. ரெண்டு படம் 🙈

நோட்டு இருக்கு சார். ஏழு நாளும் எழுதியிருக்கோம். ரிப்போர்ட்ல ஒரு நாள் ரீடிங்தான் போட்டேன், மூணாவது நாளோடது. அதுதான் நல்லா வந்துச்சு. மத்த நாள்லாம் ஏதோ ஒரு சொதப்பல். முதல் நாள் ஃபேன் வரல, ஃபேன் இல்லாமலே ஓட்டுனோம். ரெண்டாவது நாள் ஜி.ஐ. வலைத் தட்டு, சாயங்காலமே அங்கங்க வெள்ளையாப் பூத்துப் போச்சு, மீன் ஒட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் ஸ்டெயின்லெஸ் வலை மாத்துனோம். நாலாவது நாள் மேகம். அஞ்சாவது நாள் ஃபேன் ஒயர் கழண்டு உள்ள 58 டிகிரி போய் மீன் வெந்துருச்சு. ஆறும் ஏழும் சுமார்.

மூணாவது நாள்:

மணி – டிரையர் – வெளியில
9 – 2000 கிராம் – 2000 கிராம்
11 – 1610 – 1780
1 – 1190 – 1510
3 – 860 – 1220
5 – 680 – 980

வெளியில வெச்சது மறுநாள் மதியம் 1 மணிக்குத்தான் 690 வந்துச்சு. வெளிய, உள்ள ரெண்டும் சேர்த்துப் பார்த்தது மூணாவது நாளும் ஆறாவது நாளும் மட்டும்தான்.

---

தொண்டி_சிவில் · செவ்வாய், மாலை 5:02

நான் சிவில். போன வருஷம் எங்க ஊர் கடற்கரை ரோட்டுக்கு சர்வே பண்ணி ரிப்போர்ட் போட்டோம். நாங்க தேதி வாரியாத்தான் எழுதுனோம். முதல் நாள் பெஞ்ச் மார்க், ரெண்டாம் நாள் லெவலிங், அப்படியே. எங்க கைடு ஒண்ணும் சொல்லல, நல்ல மார்க். நீயும் ஏழு நாளையும் அதே வரிசையில எழுது. முதல் நாள் ஃபேன் இல்ல, ரெண்டாம் நாள் தட்டு மாத்துனோம்னு. அதுதானே நேர்மை?

---

பழைய_ஒர்க்‌ஷாப் · செவ்வாய், இரவு 8:30

தொண்டித் தங்கச்சி சொல்வது சர்வேக்குப் பொருந்தும். அங்கே வேலையின் வரிசையே முடிவின் வரிசை, முதல் நாள் பெஞ்ச் மார்க் இல்லாமல் இரண்டாம் நாள் லெவல் கிடையாது. ஒரு சாதனம் செய்தவன் அப்படி எழுதினால், படிக்கிறவருக்கு எந்த டிரையரைப் பற்றிப் படிக்கிறோம் என்றே தெரியாது. ஃபேன் இல்லாததா, ஜி.ஐ. தட்டு போட்டதா, ஸ்டெயின்லெஸ் போட்டதா? வைவாவுக்கு வருகிற வெளி எக்ஸாமினர் உங்கள் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கப் போவது சில நிமிஷம். முதலில் முடிந்த டிரையர் எப்படி இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

அதனால் மூன்றாவது சாப்டர் டிசைன். கடைசியாக நின்ற வடிவம் மட்டும். காம்போனன்ட்ஸ் என்ற தனிச் சாப்டரே வேண்டாம். "டி.சி. ஃபேன் என்றால் என்ன" என்று நாலு பக்கம் எழுதியிருப்பீர்கள். எக்ஸாமினருக்கு ஃபேன் தெரியும். ஏன் இரண்டு, ஏன் அந்த இடத்தில், இதுதான் அவருக்குத் தெரியாது. அதை எழுதினால் அது டிசைன்.

நான்காவது ஃபேப்ரிகேஷன். தகரம் வெட்டியது, வளைத்தது, கண்ணாடியைச் சுற்றி அடைத்தது. ஜி.ஐ. தட்டு பூத்துப் போனது இங்கேதான் வரும், அரைப் பக்கம், ஒரு போட்டோவோடு. பாம்பனில் உப்புக் காற்றும் மீன் நீரும் சேர்ந்தால் ஜிங்க் பூச்சு என்ன ஆகிறது என்பதை வேறு ஊர் மாணவன் எழுத முடியாது. அதைப் போய் சொதப்பல் என்று ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

ஐந்தாவது டெஸ்டிங்கும் ரிசல்ட்டும். இதுதான் பெரிய சாப்டர், எட்டு ஒன்பது பக்கம் வரணும். ஃபேன் இல்லாத முதல் நாள் ரீடிங், 58 டிகிரி போன நாள் இரண்டும் இங்கே வரும்.

நான் வைத்திருந்த வழி எளிது. ஒரு கோளாறைப் பார்த்துச் சரி மட்டும் செய்திருந்தால் ஃபேப்ரிகேஷன். அதில் எண் எடுத்திருந்தால் ரிசல்ட்.

---

தொண்டி_சிவில் · செவ்வாய், இரவு 8:52

சரி சார், ஆனா தட்டு மாத்துனதுக்கு முந்தி எடுத்த ரெண்டாம் நாள் ரீடிங்கும் எண்ணுதானே? அது எங்க போகும்?

---

பழைய_ஒர்க்‌ஷாப் · செவ்வாய், இரவு 9:10

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். மீன் ஒட்டிக்கொண்டதால் எடுக்கும்போது சிதைந்திருக்கும், எடை குறைந்திருக்கும். அந்த ரீடிங்கை ஒப்பீட்டில் சேர்க்க முடியாது. நோட்டில் உள்ளது முழுவதும் பின்னிணைப்பில் போகட்டும். ரிசல்ட்டில் "இரண்டாம் நாள் சேர்க்கப்படவில்லை, காரணம் 4ஆம் சாப்டரில்" என்று ஒரே வரி. எடுத்ததை மறைக்கவும் கூடாது, நம்ப முடியாததை நம்பியது போல் காட்டவும் கூடாது.

---

அலைவாய்க்கரை · செவ்வாய், இரவு 9:44

நான் இப்போ வேலையில இருக்கற லெக்சரர். சார் சொன்ன அமைப்போட ஒத்துப்போறேன், ஒரு இடம் தவிர. மினி ப்ராஜெக்ட்டுக்கு லிட்டரேச்சர் சர்வே தனிச் சாப்டர் தேவையில்ல. பசங்க ஆறு பேப்பரோட அப்ஸ்ட்ராக்ட்ட வரிசையா ஒட்டிடறாங்க, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் தொடர்பே இருக்காது. இன்ட்ரொடக்‌ஷனுக்குள்ளயே ஒன்றரைப் பக்கம் போதும்.

தம்பி, உங்க 6 பக்கத்துல ஒவ்வொரு பத்தியோட கடைசி வரியப் பாருங்க. "நாங்க செஞ்சது இதுல இருந்து எப்படி மாறுது"ன்னு எத்தனை பத்தியில இருக்கு?

---

பாம்பன்_காத்து · செவ்வாய், இரவு 10:15

ஒண்ணுலயும் இல்ல மேடம். ரெண்டு பேப்பர் நெல்லு காயவைக்கிறது, ஒண்ணு திராட்சை.

---

பழைய_ஒர்க்‌ஷாப் · புதன், காலை 6:20

மேடம், தனிச் சாப்டர் வேண்டும் என்பது என் கட்சி. பசங்க ஒட்டுகிறார்கள் என்பதற்காக எடுத்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கமே வராது. நாலு பக்கம், மற்றவர்கள் செய்த நாலு ஆய்வு வேலை. கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன் உலர்த்திகளில் நிறைய செய்திருக்கிறது. மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமே இருக்கிறது, பாம்பன் பையனுக்குப் பாலத்தைத் தாண்டினால் போதும். திராட்சையை விட்டுவிட்டு மீனுக்கு வாங்க. மீனில் சூடு ஏறினால் வெந்து போகும் என்ற சிக்கல் திராட்சைப் பேப்பரில் கிடைக்காது.

---

அலைவாய்க்கரை · புதன், காலை 8:05

சார், நாலு வேலைய அலசி எழுத இவருக்கு 12 நாள்ல எங்க நேரம்? இப்போ 11 நாள் கூட இல்ல. நான் என் கட்சியிலேயே இருக்கேன் 🙂 கடைசியில டிபார்ட்மென்ட்ல கொடுத்த ஃபார்மேட் தாள்ல தனிச் சாப்டர்னு இருந்தா தனிச் சாப்டர்தான், அதுக்கு மேல பேச்சில்ல. தம்பி, அந்தத் தாளை முதல்ல எடுத்து வெச்சுக்கங்க.

அதைவிட முக்கியமா ஒண்ணு. உங்க அப்ஸ்ட்ராக்ட்டையும் கன்க்ளூஷனையும் இங்க போடுங்க. வைவால நாங்க முதல்ல படிக்கறது அந்த ரெண்டையும்தான்.

---

பாம்பன்_காத்து · புதன், மாலை 6:30

ஆங்கிலத்துல இருக்கு மேடம், சாரத்தை மட்டும் சொல்றேன். அப்ஸ்ட்ராக்ட்ல: "மீனின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் இருந்து 34 சதவீதமாகக் குறைந்தது." கன்க்ளூஷன்ல: "66 சதவீத ஈரப்பதம் நீக்கப்பட்டது. உலரும் நேரம் 50 சதவீதம் குறைந்தது. மீனவர் வாழ்வாதாரம் மேம்படும். தரம் உயர்ந்தது."

இன்ட்ரொடக்‌ஷன்ல குறிக்கோள்: சுற்றுச்சூழலுக்கு உகந்த டிரையர் வடிவமைப்பது, மீனவர்களை மேம்படுத்துவது, நேரத்தைக் குறைப்பது, தரத்தை உயர்த்துவது.

---

அலைவாய்க்கரை · புதன், இரவு 9:00

இதுலதான் மார்க் போகும். பொறுமையாப் பாருங்க.

2000 கிராம் மீன், 75 சதவீதம் தண்ணின்னா 1500 கிராம் தண்ணி, 500 கிராம் சதை, முள்ளு எல்லாம். அந்த 500 எங்கயும் போகாது. சாயங்காலம் 680 கிராம். அதுல 500 போக 180 தண்ணி. 180ஐ 680ஆல வகுத்தா 26.5 சதவீதம். இதுதான் கடைசி ஈரப்பதம். நீங்க 680ஐ 2000ஆல வகுத்து 34ன்னு போட்டிருக்கீங்க. அது மிச்சம் இருக்குற எடையோட பங்கு, ஈரப்பதம் இல்ல. 66ங்கறது குறைஞ்ச எடை. அப்ஸ்ட்ராக்ட்ல ஒண்ணு, கன்க்ளூஷன்ல ஒண்ணு, ரெண்டுமே ஈரப்பதம்னு பேர் வெச்சிருக்கீங்க.

நேரம்: டிரையர்ல 8 மணி நேரம். வெளியில முதல் நாள் 8, மறுநாள் 4, ஆக 12. கிட்டத்தட்ட அதே எடைக்கு. 12ல 4 மிச்சம்னா மூணுல ஒரு பங்கு, அதாவது 33 சதவீதம். 50 எங்கிருந்து வந்துச்சுன்னா 4ஐ 8ஆல வகுத்திருக்கீங்க.

இந்தக் கணக்குக்கு இருக்கற இடம் அஞ்சாவது சாப்டர்தான். ஒரு நாள் ரீடிங்க எடுத்து வரி வரியா முழுசாப் போடுங்க, மத்த நாளுக்கு விடை மட்டும் அட்டவணையில. அப்ஸ்ட்ராக்ட், கன்க்ளூஷன் ரெண்டும் அந்த அட்டவணையில இருந்து எண்ண எடுத்துக்கணும், புதுசாக் கணக்குப் போடக்கூடாது. அப்ஸ்ட்ராக்ட்டக் கடைசியா எழுதச் சொல்றது இதுக்குத்தான். நீங்க முதல் மாசமே எழுதி வெச்சிருப்பீங்க, சரியா?

அந்த 75ஐ நீங்களே அளந்தீங்களா?

---

பாம்பன்_காத்து · புதன், இரவு 9:25

முதல் மாசமே எழுதுனதுதான் மேடம் 😔 75 ஒரு புக்ல இருந்து எடுத்தோம்.

---

அலைவாய்க்கரை · புதன், இரவு 9:40

அப்ப "எடுத்துக்கொண்ட மதிப்பு"ன்னு அதே இடத்துல சொல்லிருங்க, எந்தப் புக்னு ரெஃபரன்ஸ்ல வரணும். நேரம் கிடைச்சா கெமிஸ்ட்ரி லேப் ஓவன்ல 10 கிராம் பச்சை நெத்திலிய 105 டிகிரில, எடை இனிக் குறையாதுங்கற வரைக்கும் வெச்சுப் பாருங்க. 2.5 கிராம் மிஞ்சுனா உங்க 75 சரி. முடியலைன்னா வரம்புகள்ல ஒரு வரி எழுதுங்க.

குறிக்கோளப் பத்தி: "மீனவர்களை மேம்படுத்துவது"ன்னு எழுதிட்டா எக்ஸாமினர் "எத்தனை பேரை?"ன்னு கேப்பார். தரம் உயர்ந்துச்சுன்னா எப்படி அளந்தீங்கன்னு கேப்பார். அளக்கலைன்னா எடுத்துருங்க. 6,000 ரூபாய்க்குள்ள செய்யறது, பத்துல இருந்து மூணு மணி வரைக்கும் உள்ள 40-லிருந்து 50 டிகிரி வெச்சிருக்கறது, வெளியில காயறதவிட நேரத்தக் குறைக்கறது. இந்த மூணுக்கும் உங்ககிட்ட எண்ணு இருக்கு. கன்க்ளூஷன் இந்த மூணுக்கும் ஒவ்வொரு பத்தி பதில் சொன்னாப் போதும், ஒன்றரைப் பக்கம் தன்னால வந்துரும்.

---

மண்டபம்_கருவாட்டுக்கடை · புதன், இரவு 10:10

நெத்திலி காஞ்சிருச்சான்னு பாக்க ஓவன் எதுக்குங்க? நடுவுல மடக்குனா மடக்குன்னு உடையணும். வளைஞ்சா இன்னும் ஈரம். எங்கம்மா காலத்துல இருந்து இதுதான். 2 கிலோவெல்லாம் எங்க வீட்டுக் கொழம்புக்கே பத்தாது. 20 கிலோ போடுற மாதிரி ஒண்ணு செஞ்சு தருவீங்களா, மாட்டீங்களா?

---

பழைய_ஒர்க்‌ஷாப் · வியாழன், காலை 6:10

அண்ணாச்சி கேள்வியே ரிப்போர்ட்டுக்கு ஒரு பத்தி கொடுக்கிறது. தம்பி, தட்டு அளவு என்ன? டிசைனில் அதைச் சொல்லி, ஒரு கிலோவுக்கு எவ்வளவு பரப்பு என்று போடுங்கள். அப்போதுதான் 20 கிலோவுக்கு என்ன ஆகும் என்று எவரும் கணக்குப் பார்க்க முடியும். உடைத்துப் பார்க்கிற சோதனையையும் சேருங்கள், 680 கிராமில் உடைந்ததா வளைந்ததா என்று. தரம் உயர்ந்தது என்று சும்மா சொல்வதற்குப் பதில் அது ஒரு அவதானிப்பு.

இன்னொன்று, கண்ணாடியை என்ன சாய்வில் வைத்தீர்கள்? ஏன்?

---

பாம்பன்_காத்து · வியாழன், மதியம் 1:05

ஒரு தட்டு 60க்கு 40 சென்டிமீட்டர் சார், மூணு தட்டு. 0.72 சதுர மீட்டர் வருது. 20 கிலோன்னா 7.2, எங்க மாடியில பாதி போயிரும். கண்ணாடி 20 டிகிரி, தெற்குப் பாத்து. லேத்துல இருக்குற அண்ணன்தான் 20 வைன்னு சொன்னார், ஏன்னு கேக்கல.

---

பழைய_ஒர்க்‌ஷாப் · வியாழன், மாலை 4:40

அண்ணன் விவரமானவர். நம் ஊர் ஏறக்குறைய 9 டிகிரி வடக்கு. பிப்ரவரி நடுவில் சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 13 டிகிரி போல நிற்கும். ஆக உச்சிவேளையில் நம் தலைக்கு மேலிருந்து 22 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். 20 டிகிரி சாய்வில் வெயில் கண்ணாடிமேல் கிட்டத்தட்ட நேராக விழும். ஏப்ரல் நடுவில் சூரியன் தலைக்கு மேலேயே வந்துவிடும், அப்போது 20 அதிகம். இதை ஒரு சின்னப் படத்தோடு எழுதினால் டிசைனில் முக்கால் பக்கம். நெட்டிலிருந்து எடுத்த பன்னிரண்டு பக்கத்துக்கு இந்த முக்கால் பக்கம் ஈடு. அண்ணனுக்கு நன்றிப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

மூன்றாம் நாள் எடையை கிராஃபாகப் போட்டால் இன்னொன்றும் தெரியும். 11லிருந்து 1 மணிக்குள் 420 கிராம் போகிறது, 3லிருந்து 5க்குள் 180தான். வெயில் இறங்கியது பாதிக் காரணம். மேல்தண்ணி போனபின் உள்ளே இருப்பது வெளியே வர நேரமாவது மீதி. கிராஃபை ஒட்டிவிட்டு "கிராஃப் மேலே உள்ளது" என்று விட்டுவிடாமல் இதை அதன் கீழே எழுதுங்கள். இரண்டு பத்தி போதும். டெஸ்டிங் சாப்டர் அட்டவணையால் வளர்வதைவிட இப்படித்தான் வளரணும்.

---

கீழக்கரை_ஜெராக்ஸ் · வியாழன், இரவு 8:15

எல்லாம் சரி, மொத்தம் எத்தனை பக்கம் வரும்? 60 இல்லைன்னாலும் பரவாயில்ல, 40க்குக் கீழ போனா முதுகுல பேரு அடிக்க முடியாது, அதுக்குத்தான் கேக்குறேன்.

---

பாம்பன்_காத்து · ஞாயிறு, இரவு 11:30

மூணு நாளா உக்காந்து அடிச்சேன். நோட்டுல இருந்து அஞ்சாவது சாப்டரைத்தான் முதல்ல எழுதுனேன், அப்புறம் 3, 4, அதுக்கப்புறம் 1. இப்ப:

முன்பக்கங்கள் – 8
1. இன்ட்ரொடக்‌ஷன் – 4
2. லிட்டரேச்சர் சர்வே – 4
3. டிசைன் – 8
4. ஃபேப்ரிகேஷன் – 6
5. டெஸ்டிங், ரிசல்ட் – 9
6. செலவு – 2
7. கன்க்ளூஷன் – 2
ரெஃபரன்ஸ் 1, பின்னிணைப்பு (ஏழு நாள் ரீடிங்) 5

மொத்தம் 49. டிபார்ட்மென்ட் தாள்ல லிட்டரேச்சர் தனிச் சாப்டர்னு இருந்துச்சு, அதனால சார் கட்சி ஜெயிச்சிருச்சு மேடம், மன்னிச்சுக்கங்க. நாலு வேலைல மூணுதான் மீன், ஒண்ணு இன்னும் திராட்சைதான். ஆனா அதே தாள்ல "நன்மை, தீமை, பயன்பாடு"ன்னும் ஒரு சாப்டர் இருக்கு. நான் தூக்கிட்டேனே, இப்ப என்ன பண்ண?

ஓவன்ல 10 கிராம் வெச்சுப் பாத்தோம். 2.3 கிராம் மிஞ்சுச்சு. அப்ப 77. மறுபடியும் எல்லா எண்ணும் மாறுமா?

இன்னொண்ணு, பக்க நம்பர் முன்பக்கத்துல ரோமன்ல வரமாட்டேங்குது. ஒண்ணை மாத்துனா எல்லாம் மாறுது.

---

கீழக்கரை_ஜெராக்ஸ் · திங்கள், காலை 9:20

நம்பர் வேலை என்னோடது. முன்பக்கம் முடியுற இடத்துல கர்சரை வெச்சு `Layout > Breaks > Next Page`. அப்புறம் முதல் சாப்டரோட ஃபுட்டர்ல டபுள் க்ளிக் பண்ணி `Link to Previous`ஐ எடுத்து விடுங்க. அந்த பிரேக் போடாததாலதான் எல்லாம் சேர்ந்து மாறுது. `Format Page Numbers`ல முன்பக்கத்துக்கு i, ii குடுங்க, முதல் சாப்டருக்கு 1, 2 குடுத்து `Start at` 1 போடுங்க. சாப்டர் தலைப்புக்கெல்லாம் `Heading 1` குடுத்திருந்தா பொருளடக்கம் தானா வரும், ஆனா பிரின்ட்டுக்கு முந்தி `Ctrl+A`, `F9` அடிக்கணும். அடிக்காம வந்தா பழைய பக்க நம்பரே நிக்கும், நூறு ரிப்போர்ட்ல பாத்துட்டேன்.

49 பக்கத்துக்கு முதுகு நிக்கும். பேரும் அடிச்சுரலாம்.

---

அலைவாய்க்கரை · திங்கள், மதியம் 12:40

77ன்னா மீனோட காய்ஞ்ச பங்கு 500 இல்ல, 460. 680ல 220 தண்ணி. 32.4 சதவீதம். நீங்க அளந்ததுதான் உங்க எண்ணு, அதைப் போடுங்க. ஒரே ஒரு 10 கிராம் மாதிரிங்கறதால புத்தக மதிப்புக்கு என்ன வருதுங்கறதையும் பக்கத்துல காட்டிருங்க. ரெண்டு சதவீத வித்தியாசம் கடைசில ஆறு சதவீதமா வருது பாருங்க, இதையே டிஸ்கஷன்ல ஒரு பத்தியா எழுதலாம். 8 மணி நேரம், 12 மணி நேரம் மாறாது, அது எடைய வெச்சுப் போட்டது.

நன்மை, தீமைச் சாப்டர் தாள்ல இருந்தா இருக்கணும். ஒரு பக்கம் போதும், அதுல வர்ற ஒவ்வொரு வரியும் அஞ்சாவது சாப்டர்ல ஏதோ ஒரு எண்ணைக் காட்டணும். எங்க வைக்கறதுன்னு உங்க கைடுகிட்ட கேளுங்க. கன்க்ளூஷனுக்கு முன்னாடி வெக்கறதுதான் வழக்கம், சிலர் பின்னாடியும் கேக்கறாங்க.

---

பழைய_ஒர்க்‌ஷாப் · திங்கள், மாலை 5:15

செலவுக்கு இரண்டு பக்கம் எதற்கு? ஒரு அட்டவணை, ஒரு பக்கம். மிச்சமாகும் பக்கத்தில் நன்மை, தீமை வந்துவிடும், 49 அப்படியே நிற்கும். அந்தத் திராட்சையை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

---

மண்டபம்_கருவாட்டுக்கடை · திங்கள், இரவு 9:50

680ல உடைஞ்சதா, வளைஞ்சதா? அதை யாருமே சொல்லலியே.

---

பாம்பன்_காத்து · திங்கள், இரவு 10:05

வளைஞ்சதுண்ணே. தலைப்பக்கம் உடைஞ்சுது, நடுவுல வளைஞ்சுது. ஏழாவது நாள்தான் முழுசா உடைஞ்சுது, அன்னைக்கு 640. அதையும் ரிசல்ட்ல சேத்துட்டேன்.